தையற்காரி கேள்வியில் விட்டுப்போன வரி

கேள்வியம்மாவிடம் வாயைக் கொடுக்கும்போது கொஞ்சம் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நாம் பாட்டுக்கு வீட்டுக் கதையைக் கொட்டிக்கொண்டிருப்போம். அவள் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, "ம், அப்புறம்? அதுக்கு அவர் என்ன சொன்னார்? சரின்னாரா, இல்ல சும்மா தலையாட்டினாரா?" என்று அக்கறையாகக் கேட்பாள். நமக்கும் உச்சி குளிர்ந்துவிடும். அடுத்த மாதம் பார்த்தால் அந்தக் கதை நாலு விடைகளோடு ஒரு தேர்வுத்தாளில் போய் உட்கார்ந்திருக்கும். ஊர், பேர் எதுவும் இருக்காதுதான். ஆனால் சொந்தக் கதை சொந்தக்காரனுக்குத் தெரியாமலா போகும்?

மாடி வீட்டுக்காரர்கள் கதை அப்படித்தான் மாட்டிக்கொண்டது. அவர்கள் கல்யாணத்துக்குப் படமெடுத்தவர் ஆல்பம் தருவதாகச் சொல்லியிருந்தார். தாள்கள் மழையில் நனைந்து வீணாகிவிட்டதால், "அதுக்குப் பதிலா பெரிசா ஒரு படம் சட்டம் போட்டுத் தர்றேன், வந்ததும் கணக்குத் தீர்ந்துடுச்சுன்னு வெச்சுக்குவோம்" என்றார். இவர்களும் சரி என்றார்கள். படமும் வரவில்லை, ஆல்பமும் வரவில்லை. போய்க் கேட்டால், "ஆல்பம் வேண்டாம்னு நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க" என்கிறார் மனுஷர். கேள்வியம்மா தாளில் இதற்குச் சரியான விடை 'ஆ'. பதிலுக்கு ஒன்றை வாங்கிக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டால் மட்டும் பழைய வாக்கு செத்துவிடாது. அந்தப் பதில் பொருள் கைக்கு வந்து சேர வேண்டும். வராதவரை ஆல்பத்தைக் கேட்கலாம். படம் தருகிறேன் என்ற வெறும் வாக்கையே போதும் என்று அவர்கள் ஏற்றுக்கொண்டிருந்தால் கதை வேறு. "வந்ததும்" என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. மாடி வீட்டு அம்மா அந்த விடையோடு நேராகப் படக்காரரிடம் போய் நின்று ஆல்பத்தை வாங்கிவந்தாள் என்பது வேறு விஷயம்.

சொந்தப் புருஷனைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. அவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். ஒரு கடைக்காரர் பலகைக்குச் சொல்லிவிட்டு, வேலை தொடங்குவதற்குள் கடை போடும் எண்ணத்தையே கைவிட்டார். இரண்டு பேரும் டீக்கடையில் உட்கார்ந்து, "நீ எழுத வேண்டாம், நான் கொடுக்க வேண்டாம், விட்டுடுவோம்" என்று பேசி முடித்தார்கள். தேர்வுத்தாளில் அது ரத்து என்ற தலைப்பில் வந்தது. இரண்டு பேரும் மனமொத்துக் கைவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது, யாரும் யாரையும் கேட்க முடியாது. "கட்டின பொண்டாட்டியே என்னைப் பரீட்சையில உக்கார வெச்சுட்டா" என்று பலகைக்காரர் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். உள்ளுக்குள் அவருக்குப் பெருமைதான்.

அவள் வேலை செய்த இடம் ஒரு டயர் கடையின் மேல்மாடி. கணக்காளர் படிப்பு படிக்கிற பிள்ளைகளுக்கான பயிற்சி மையம். படியேறும்போது ரப்பர் வாடை கூடவே வரும், கீழே காற்றடிக்கும் சத்தத்தில் பாடம் நடுவில் நின்று நின்றுதான் போகும். அந்தப் படிப்பில் ஒப்பந்தச் சட்டம் ஒரு தாள். சட்டத்தை ஒப்பிப்பது பெரிய காரியமில்லை. ஒரு சின்னக் கதையைச் சொல்லி, இதில் ஒப்பந்தம் முடிந்ததா, முடிந்தால் எந்த வழியில் முடிந்தது என்று கேட்பார்கள். அங்கேதான் பிள்ளைகள் குப்புற விழும். அந்தக் கதைகளை எழுதுவதுதான் கேள்வியம்மாவின் பிழைப்பு. வகுப்பும் எடுப்பாள், ஆனால் மனசு கேள்வியில்தான்.

"கதையில ஒரு வரிகூடச் சும்மா இருக்கக் கூடாது" என்பாள் பிள்ளைகளிடம். "ஒரு வரிய உருவினா விடை மாறணும். மாறலைன்னா அந்த வரி எதுக்கு?"

இந்த ஒரு விஷயத்தில் அவளுக்குப் பைத்தியம் என்றே சொல்லலாம். அச்சில் ஒரு சொல் விட்டுப்போயிருந்தால் சோறு இறங்காது.

மையத்தின் சொந்தக்காரி அவளுடைய தோழி. எல்லோருக்கும் அவள் மேடம். இரண்டு பேரும் சட்டம் படிக்கும்போது ஒரே பெஞ்சு. ஒருத்திக்கு நீதிமன்றத்தில் பேச நா எழவில்லை, இன்னொருத்திக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. ஆக இரண்டு பேரும் சேர்ந்து இந்த மாடியைப் பிடித்தார்கள். இடமும் பொறுப்பும் மேடத்துடையது, கேள்விகள் கேள்வியம்மாவுடையவை. தொடங்கும்போதே, கேள்வியம்மா வற்புறுத்தியதால் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். கேள்விகளை மேடம் இந்த மையத்துக்கு மட்டும்தான் பயன்படுத்தலாம், வேறு யாருக்கும் தரக்கூடாது. எழுதியவளைக் கேட்காமல் ஒரு வார்த்தையை மாற்றக்கூடாது. இவர்கள் ஏற்பாடு முடிந்துபோனால் கேள்விகள் எழுதியவளிடமே திரும்ப வேண்டும். பதிலுக்கு இவள் வேறு எந்த இடத்துக்கும் எழுதமாட்டாள்.

"நமக்குள்ள இதெல்லாம் எதுக்குடீ?" என்று மேடம் அன்றைக்குச் சிரித்தாள்.

"நமக்குள்ளங்கிறதாலதான். நாளைக்கு சண்டை வந்தா உன்னோட பேச வேற ஏதாவது மிச்சம் இருக்கணுமில்ல" என்றாள் இவள்.

சண்டை வரவில்லை. மேடத்தின் மகள் பாதி நாள் கேள்வியம்மா வீட்டில்தான் வளர்ந்தாள். இவளுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பெண்ணுக்கு இவள் பெரியம்மா. சாப்பிட அடம்பிடித்தால் தேர்வுக் கேள்வியைக் கதையாகச் சொல்லி ஊட்டுவாள். "கடைக்காரன் ஏமாத்திட்டானா பெரியம்மா?" என்று கேட்டு வாயைத் திறக்கும் குழந்தை. இப்போது அவளே வளர்ந்து மையத்தில் கணினி வேலைகளையெல்லாம் பார்த்துக்கொள்கிறாள்.

ஒரு நாள் மதியம் மேடம் கையில் ஒரு தாளோடு கேள்வியம்மாவின் மேசைக்கு வந்தாள். அவள் சட்டத்தில் மூக்கை நுழைத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. வாடகை, மின்விசிறி, பெற்றோர் சண்டை என்று அவள் உலகம் வேறு.

"நானே ஒரு கேள்வி எழுதிப் பார்த்தேன்டீ. நோவேஷன்ல. சிரிக்காம படி."

நோவேஷன் என்றால் பழைய ஒப்பந்தத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் புதிதாக ஒன்றை வைப்பது. பெரும்பாலும் ஆள் மாறும். உனக்கு நான் செய்ய வேண்டியதை இனி இன்னொருவர் செய்வார், நான் விலகிக்கொள்கிறேன் என்பது.

மேடம் எழுதிய கதை இது. உடைகளுக்கு வடிவம் வரைகிற ஒரு தையற்காரி. ஒரு கடைக்காரியோடு அவளுக்கு ஒப்பந்தம், அவள் வரைந்ததை மாற்றக்கூடாது, வெளியே தரக்கூடாது என்று. கடையை ஒரு பெரிய வியாபாரி எடுத்துக்கொள்ள வருகிறார். கடைக்காரி தையற்காரியிடம், "இனி எல்லாம் இவர் பொறுப்பு" என்கிறாள். தையற்காரி, "நல்லது" என்கிறாள். வியாபாரி கொடுத்த புதுத் தையல் இயந்திரத்தையும் வாங்கிக்கொள்கிறாள். பழைய ஒப்பந்தம் முடிந்ததா? விடை: முடிந்தது.

கேள்வியம்மா படித்துவிட்டுச் சிரிக்கத்தான் செய்தாள். "முடியலையே. பெரிய ஓட்டை இருக்கே இதுல."

"எங்க?"

"இன்னொருத்தர் பொறுப்பேத்துக்கிட்டா, பொறுப்பானவங்க ரெண்டு பேர் ஆனாங்கன்னுதான் அர்த்தம். கடைக்காரி எப்படிக் கழண்டுக்க முடியும்? தையற்காரி விடணுமில்ல அவளை. மூணு பேரும் ஒத்துக்கணும். மெஷின் வாங்கிக்கிட்டா என்ன, யார் குடுத்தாலும் வாங்கிப்பா." பேனாவை எடுத்தாள். அவளுக்கு ஓட்டையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. வியாபாரி தன் நிபந்தனைகளைத் தையற்காரியிடம் சொன்னார், அவள் ஏற்றுக்கொண்டாள் என்று ஒரு வரி சேர்த்தாள். அதன் கீழே, 'தையற்காரி கடைக்காரியிடம், "பழைய ஒப்பந்தத்திலிருந்து நான் உன்னை விடுவிக்கிறேன்" என்றாள்' என்று எழுதினாள். "இப்போ சரி. இப்போ உன் கடைக்காரி நிம்மதியாத் தூங்கலாம்."

மேடம் தாளை வாங்கி, விடை 'முடிந்தது' என்றே நிற்கிறதா என்று பார்த்தாள். பிறகு, "உன்கிட்ட கேட்டது நல்லதாப் போச்சு" என்றாள்.

அன்று மாலை கேள்வியம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "அவளுக்கு மறுபடியும் சட்டத்துல ஆசை வந்திருக்குங்க" என்று புருஷனிடம் சொன்னாள். "பழையபடி ரெண்டு பேரும் உக்காந்து கேள்வி எழுதலாம் போலிருக்கு." பலகைக்காரர், "வயசான காலத்துல ஆசை வந்தா சந்தேகப்படணும்" என்றார். அவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார்.

தெருவில் இருப்பவர்கள் கதையையெல்லாம் எடுத்துத் தாளில் போட்டவளுக்கு, தன் கதையை ஒருத்தி எடுத்துத் தன் மேசையிலேயே வைத்திருக்கிறாள் என்று தோன்றவே இல்லை பாருங்கள்.

கொஞ்ச நாளில் மையத்துக்கு ஒரு கம்பெனிக்காரர் வந்து போக ஆரம்பித்தார். பல இடங்களில் பயிற்சி மையம் நடத்துகிற கம்பெனி. கைகோத்து நடத்தப்போகிறோம், அச்சடிப்பது தட்டச்சு செய்வதெல்லாம் அவர்கள் தலையில், என்று மேடம் சொன்னாள். ஒரு நாள் மேடத்தின் அறையில் தேநீர் குடிக்கும்போது, அவர் எதிரிலேயே, "இனிமே கேள்வி விஷயமெல்லாம் இவங்கதான் பொறுப்பு" என்றாள். தட்டச்சுக்காரரோடு மாரடித்து அலுத்துப்போயிருந்த கேள்வியம்மா, "நல்லது, பார்த்துக்கட்டும். ஒரு தலைவலி விட்டது" என்றாள். மறுவாரம் அவள் மேசைக்கு ஒரு புதுக் கம்ப்யூட்டர் வந்தது. கம்பெனி கொடுத்தது. துடைத்து வைத்துக்கொண்டு வேலை செய்தாள்.

விஷயம் வெளியே வந்தது ஒரு மாணவியால். கண்ணாடி போட்ட, வாயாடிப் பெண். கைப்பேசியில் கம்பெனியின் பயிற்சித்தாளைத் திறந்து நீட்டினாள்.

"மிஸ், இந்தத் தையற்காரி கேள்விக்கு நான் 'முடியவில்லை'ன்னு போட்டேன். தப்புங்குது. நீங்க சொல்லிக் குடுத்தபடிதானே போட்டேன்?"

கேள்வியம்மா வாங்கிப் பார்த்தாள். அவள் சேர்த்த வரிகள் இரண்டும் இல்லை. "இனி எல்லாம் இவர் பொறுப்பு" இருந்தது, "நல்லது" இருந்தது, இயந்திரம் இருந்தது. விடுவித்த வரியைத்தான் காணவில்லை. விடை மட்டும் பழையபடி, முடிந்தது என்று.

"நீ போட்டதுதான்மா சரி" என்றாள். மேலே தள்ளிப் பார்த்தாள். எல்லாம் அவளுடைய கேள்விகள். ஆல்பம் இருந்தது. பலகைக்காரர் இருந்தார். ஒவ்வொன்றும் பாதி வரிகள் வெட்டப்பட்டு, நொண்டிக்கொண்டு நின்றது. எத்தனை ஊர்ப் பிள்ளைகள் இதைப் படித்துத் தப்பாகக் கற்றுக்கொள்கிறார்களோ என்றுதான் முதலில் அவளுக்கு வயிறு எரிந்தது.

நேரே மேடத்தின் அறைக்குப் போனாள். கம்பெனிக்காரரும் அங்கே இருந்தார். மகள் ஓரமாக மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள்.

"என் கேள்விய யாரு வெட்டினது?"

மகள்தான் தலையை நிமிர்த்தினாள். "நான்தான் பெரியம்மா. கைப்பேசியில நாலு வரிக்கு மேல வரக்கூடாதுன்னாங்க. நீங்க சரின்னுட்டதா அம்மா சொன்னாங்க."

"நான் எப்போ சொன்னேன்?"

மேடம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தப் பேச்சு வரும் என்று காத்திருந்தவள் மாதிரிதான் பேசினாள். "இந்த மையத்தை இவங்க வாங்கிக்கறாங்க. கேள்விகளோட சேர்த்து. இனிமே நீ என்னைக் கேக்க முடியாதும்மா. இவங்களைத்தான் கேக்கணும். நாம போட்ட பழைய ஒப்பந்தம் முடிஞ்சு போச்சு."

'டீ' போய் 'அம்மா' வந்திருந்ததைக் கேள்வியம்மா கவனித்தாள்.

"எப்படி முடிஞ்சுது?"

"இவர் எதிர்லதானே சொன்னேன், இனி இவங்க பொறுப்புன்னு. நீயும் நல்லதுன்னே. கம்ப்யூட்டரையும் வாங்கிக்கிட்டே. இதுக்கு என்ன விடைன்னு உனக்கே தெரியும். நீயே திருத்திக் குடுத்த கேள்வி."

இயந்திரம், கம்ப்யூட்டர். வியாபாரி, இந்த மனுஷர். ஓட்டையை அடைத்துக் கொடுத்துவிட்டு, பழைய நாள் திரும்பி வந்துவிட்டது என்று வீட்டில் போய்க் குதித்ததை நினைத்தாள். அவமானம்தான் முதலில் வந்தது, கோபம் அதற்குப் பின்னால்தான்.

"அந்தத் தையற்காரி நானா?" என்றாள்.

மகள் அம்மாவைப் பார்த்தாள், பெரியம்மாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்கு எதுவும் தெரியாது என்பது அந்த முகத்திலேயே எழுதியிருந்தது. கேள்வியம்மாவுக்கு அந்த ஒரு ஆறுதல்தான் மிஞ்சியது.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடீ" என்றாள். "எனக்கு முடியல, வித்துட்டுப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே உக்காந்து இவங்களோட புதுசா எழுதிக் குடுத்திருப்பேன்."

"குடுத்திருக்க மாட்டே. ஒரு வார்த்தைய மாத்த விட மாட்டே. இவங்க உன் பேச்சைக் கேட்டு எப்படி நடத்துவாங்க? நானும் எத்தனை நாள் இந்தப் படியை ஏறி இறங்கறது?"

அதில் உண்மை இல்லாமலில்லை. ஒரு சொல்லுக்காக அச்சான தாள்களைக் கட்டோடு திருப்பி அனுப்பியவள் இவள். அதற்காக முதுகுக்குப் பின்னால் குழி பறிக்கலாமா?

கேள்வியம்மா மெதுவாக உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் வகுப்பறைக் குரல் தானாக வந்தது.

"நீ கேள்விய எதுல படிச்சே? நான் எழுதிக் குடுத்த தாள்லயா, கைப்பேசியிலயா?"

"ரெண்டும் ஒண்ணுதானே. உன் தாள்ல விடை 'முடிந்தது'ன்னு இருக்கறதைப் பார்த்து இவகிட்ட குடுத்துட்டேன். அப்புறம் கைப்பேசியிலதான் பார்த்தேன்."

"ஒண்ணு இல்ல. அதுல நான் சேர்த்த வரிகள் இல்ல." மகளைப் பார்த்தாள். "நீ வெட்டினதுல என்ன இருந்துச்சும்மா?"

மகள் மடிக்கணினியில் வெட்டாத பிரதியைத் திறந்து பார்த்துச் சொன்னாள். "வியாபாரி நிபந்தனை சொன்னார், தையற்காரி ஏத்துக்கிட்டா. அப்புறம் தையற்காரி கடைக்காரிகிட்ட, பழைய ஒப்பந்தத்துலேருந்து நான் உன்னை விடுவிக்கிறேன்னா."

"இந்த அறையில யாராவது எனக்கு நிபந்தனை சொன்னாங்களா? நான் உன்னை விடுவிச்சேனா?" இது மேடத்துக்கு. "தலைவலி விட்டதுன்னேன். உன்னை விட்டேன்னு சொல்லல. கம்ப்யூட்டர் வாங்கினது வேலை செய்யறதுக்கு, உன்னைக் கைகழுவறதுக்கு இல்ல. நான் சம்மதிக்காம நோவேஷன் எங்கேருந்து வரும்? என் வரிய வெட்டிட்டு, வெட்டின கேள்விய நம்பி இவ்வளவு பண்ணியிருக்கே."

கம்பெனிக்காரர் இவ்வளவு நேரம் இரண்டு பெண்களின் சண்டை என்று பட்டும் படாமலும் இருந்தவர், இப்போது முன்னால் சாய்ந்தார். "அப்போ பழைய ஒப்பந்தம் இன்னும் இருக்கா?"

"உயிரோட இருக்கு. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல."

அவர் மேடத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க எல்லாம் முடிஞ்சதுன்னு சொன்னீங்க." பிறகு கேள்வியம்மாவிடம், நல்ல மரியாதையாகவே, "நாங்களும் உங்களைத் தனியா ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். தப்புதான். ஆனா வில்லங்கத்தோட எங்க மேலிடம் வாங்காது. கேள்விகள் இல்லாம மையத்தை மட்டும்னா வாங்கலாம், என்ன, குறைச்சலாத்தான் குடுப்பாங்க. அதுக்கும் இவங்க மேல பழைய வாக்கு எதுவும் நிக்கக் கூடாது."

எல்லோரும் கேள்வியம்மாவைப் பார்த்தார்கள். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை அவள் காத்திருந்தாள். வகுப்பில் அப்படித்தான் காத்திருப்பாள்.

"ரெண்டு வழி இருக்கு" என்றாள் தோழியிடம். "ஒண்ணு, பழசு அப்படியே இருக்கட்டும். இவர் போகட்டும். படி ஏற முடியலைன்னா கீழ வேற இடம் பார்ப்போம். உனக்கு அலுப்பா இருந்தா நிர்வாகத்தையும் நானே பார்த்துக்கறேன். வெட்டினது, குடுத்தது எதையும் நான் பேசமாட்டேன், சத்தியமா. இன்னொண்ணு, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு ரத்து பண்ணிடலாம். நான் உனக்கு எழுத வேண்டாம், நீ எனக்கு எந்த வாக்கையும் காப்பாத்த வேண்டாம். என் கேள்விகள் என்னோட வந்துடும், கைப்பேசியிலேருந்தும் எடுத்துடணும். இதுவரைக்கும் நடந்ததுக்கும் கேள்விமுறை கிடையாது. நீ மையத்தை வித்துட்டுப் போகலாம். எது வேணும்?"

சட்டம் தெரிந்தவளாக அவள் இரண்டு வழி சொன்னாள். மனுஷியாக ஒன்றைத்தான் கேட்டாள். தோழி முதல் வழியைச் சொல்லிவிடமாட்டாளா என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. வேண்டாம்டீ, என்னவோ புத்தி போச்சு, என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் அவளுக்கு எதுவுமே வேண்டியிருக்கவில்லை. துரோகம் பண்ணியவளிடமே போய் மன்னிக்க ஒரு சாக்கு கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மேடம் அவளைப் பார்க்கவில்லை. கம்பெனிக்காரரைப் பார்த்தாள். "ரத்து பண்ணினா, இந்த வாரமே முடிச்சுடலாமா?" என்று அவரிடம் கேட்டாள்.

"முடிச்சுடலாம்."

"அப்போ ரத்தே பண்ணிக்கலாம்" என்றாள்.

அதைவிடக் கன்னத்தில் இரண்டு அறை கொடுத்திருக்கலாம். கேள்வியம்மா எழுந்தாள்.

"சரி. நம்ம பழைய ஒப்பந்தத்துலேருந்து நான் உன்னை விடுவிக்கிறேன்" என்றாள். வெட்டிப்போட்ட அந்த வரியைக் கிட்டத்தட்ட எழுதின மாதிரியே சொன்னாள்.

"நானும்" என்றாள் மேடம், மேசையைப் பார்த்து.

வாசல்வரை மகள் பின்னாலேயே வந்தாள். அழுதிருந்தாள். "பெரியம்மா, எல்லாக் கேள்வியையும் இன்னிக்கே எடுத்துடறேன். தையற்காரி கேள்விக்கு விடை தப்புன்னு பிள்ளைங்களுக்கும் அனுப்பிடறேன்."

"அதை முதல்ல பண்ணு" என்றாள் கேள்வியம்மா. அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். "உன்னை யாரும் ரத்து பண்ணல. வீட்டுக்கு எப்பவும் போல வா."

கீழே பலகைக்காரர் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். கையில் பெயிண்ட் காயாமல் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் வழக்கமான கிண்டலை விழுங்கிக்கொண்டார். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, நடந்ததை இரண்டு வரியில் சொன்னாள்.

அவர் வண்டியைக் கிளப்பாமல் அப்படியே இருந்தார். "அவதானே எல்லாம் பண்ணினா? அவ மேல நடவடிக்கை எதுவும் எடுக்க முடியாதா?"

"முடியாதுங்க. ரெண்டு பேரும் மனமொத்து முடிச்சுக்கிட்டோம். இனி யாரும் யாரையும் கேக்க முடியாது."

"டீக்கடையில நான் பண்ணின மாதிரியா?"

"அதே மாதிரிதான்" என்றாள். "ஆனா நீங்க அன்னிக்கு சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தீங்க."

வண்டி நகர்ந்ததும் அவர் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தெருமுனை திரும்பும்வரை அவர் சட்டையின் ஈரம் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகு வேகத்தைக் குறைத்து, வீட்டுக்குச் சுற்றுவழியாக ஓட்டினார்.